அனுபவம்: பூஜ்யம்

என்னை வேண்டாம் என்று சொல்லும் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. ஆய்விதழ்கள் என் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன, சில சமயம் கொஞ்சம் திட்டியும் அனுப்பியிருக்கின்றன. ஆனால் அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் திட்டினார். இந்தத் தடவை அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. ஒரு பேட்டரி நிறுவனத்துக்கு வேலை விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு டீ போட்டு எடுத்து வருவதற்குள் பதில் வந்து உட்கார்ந்திருந்தது. இந்தப் பதவிக்குத் தேவையான பணி அனுபவம் என்னிடம் இல்லையாம்.

பேட்டரி எப்படிக் கிழடாகிறது என்று பார்ப்பதுதான், பல்கலைக்கழக ஆய்வு மாணவியாக, ஐந்து வருஷமாக என் பிழைப்பு. பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் சார்ஜ் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, மாதக்கணக்கில் அதை வாட்டி எடுத்து, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று அளக்க வேண்டும். அந்த நிறுவனம் தேடியதும் இதே வேலைக்கு ஒரு ஆளைத்தான். செல் சோதனைப் பொறியாளர். விளம்பரத்தைப் படித்தபோது என் ஆய்வுக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்களோ என்றுகூடத் தோன்றியது.

"அனுபவம் இல்லையாம்!" என்று சமையலறை வாசலில் நின்று கத்தினேன். "எனக்கு! அனுபவம் இல்லையாம்!"

என் தங்கை மேஜையில் தன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு மருத்துவமனையில் கொள்முதல் அதிகாரி. கையுறையிலிருந்து கட்டில்வரை யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்வது அவள். கல்லூரி முடித்த கையோடு வேலைக்குப் போனவள். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அம்மாவைக் கேட்டால், "சின்னவ வேலைக்குப் போறா, பெரியவ இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கா" என்பாள். எனக்கு முன்நெற்றியில் நரை எட்டிப் பார்க்கிறது, நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

"நீ அனுப்பினதைக் காட்டு" என்றாள் தங்கை.

காட்டினேன். மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"அக்கா, மொத்தப் பணி அனுபவம் எத்தனை வருஷம்னு கேட்டிருக்கான். அதுல பூஜ்யம்னு போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்போ யார் மேல கோபம்?"

"முதலாளி பேரு கேட்டான். எனக்கு முதலாளி ஏது? பல்கலைக்கழகம் எனக்கு உதவித்தொகைதான் குடுக்குது, சம்பளம் இல்ல. நான் பொய் சொல்ல முடியுமா? அதான் எல்லாத்தையும் கல்வித் தகுதியில போட்டேன்."

"அஞ்சு வருஷத்தையும்?"

"அஞ்சு வருஷத்தையும்."

தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "கம்ப்யூட்டர் உன்னைத் தூக்கி எறியல. நீயே உன்னைத் தூக்கி எறிஞ்சிட்ட, அது கதவை மட்டும் சாத்தியிருக்கு."

எங்கள் பிழைப்பில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய அசட்டுத்தனம் இது. ஓர் அளவு சந்தேகமாக இருந்தால் குறைத்துச் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். நிச்சயமாகத் தெரியாததைச் சொல்லக் கூடாது என்று பழகிப் பழகி, நிச்சயமாகத் தெரிந்ததையும் சொல்லாமல் விட்டுவிடுவோம். இது எனக்குப் புரிந்ததும் கோபம் குறையவில்லை, திசைதான் மாறியது. சரி, எழுத்தால் கெட்டதை எழுத்தாலேயே சரிசெய்வோம் என்று உட்கார்ந்தேன்.

விளம்பரத்தின் அடியில் ஆள் எடுக்கும் பிரிவின் அதிகாரி, ஒரு பெண், தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். அவருக்கு ஒரு குறிப்பு எழுதினேன். எழுதி முடித்துத் தங்கையிடம் நீட்டினேன். "உலகெங்கும் ஆற்றல் சேமிப்பின் தேவை பெருகிவரும் இன்றைய சூழலில்" என்று அது தொடங்கியது.

முதல் பத்தியைப் படித்ததும் நிறுத்திவிட்டாள். "நான் ஒரு நாளைக்கு எத்தனை சப்ளையர் கடிதம் படிக்கிறேன் தெரியுமா? இப்படி ஆரம்பிக்கிறவன் பொருளை நான் வாங்கவே மாட்டேன். உலகத்தைப் பத்தி எனக்கு எதுக்கு? உன்கிட்ட என்ன இருக்கு, அது என் வார்டுல ஓடுமா, கெட்டுப்போனா யார் வந்து பார்ப்பா? இவ்வளவுதான் எனக்கு வேணும்."

"ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் கீழ வரிசையா குடுத்திருக்கேன்."

"அது சரி. கட்டுரை ஆகாத வேலை எங்க?"

"கட்டுரை ஆகாதது எதுக்கு? அது கணக்குலயே வராதே."

"அந்தப் பெட்டி விவகாரம் ஒரு வருஷம் உன் உயிரை வாங்குச்சே, ராத்திரியெல்லாம் தூக்கத்துல அலாரம்னு உளறினியே, அது எங்க இதுல?"

செல்களை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும் பெட்டியில் வந்த அந்த விவகாரம் அதில் இல்லை. என் தகுதிப் பட்டியல் எதிலுமே அது இருந்ததில்லை. அதிலிருந்து ஒரு கட்டுரையும் வரவில்லை, வரவிருந்த ஒன்றும் போனது. கட்டுரை வராத ஒரு வருஷத்தை எங்கள் உலகத்தில் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த ஐந்து வருஷத்தில் நான் செய்த மிகப் பெரிய வேலை அதுதான்.

பழைய குறிப்பை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை கை தடுமாறவில்லை.

"மதிப்புக்குரிய அம்மையீர்,

செல் சோதனைப் பொறியாளர் பதவிக்கான என் விண்ணப்பத்தில் பணி அனுபவம் பூஜ்யம் என்று குறிப்பிட்டிருந்தேன். அது என் தவறு. எனக்கு முதலாளி என்று ஒருவர் இல்லாததால் அப்படி எழுதிவிட்டேன். வேலை இருந்தது.

ஐந்து ஆண்டுகளாக ஒரு பல்கலைக்கழகத்தின் பேட்டரி சோதனைக் கூடத்தை அன்றாடம் நடத்தி வருகிறேன். சோதனையைத் திட்டமிடுவது, செல்களைப் பொருத்துவது, இயந்திரங்களை ஓட்டுவது, பழுதானால் சரிசெய்வது அல்லது நிறுவனத்தாரை வரவழைப்பது, வரும் தரவைச் சரிபார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. எங்களுக்கு நிதி தரும் ஒரு தொழில் நிறுவனத்துக்கு மாதந்தோறும் முடிவுகளை நேரில் விளக்குவதும் நான். ஒப்பந்தப்படி அவர்கள் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

என் கட்டுரைகளில் இல்லாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். புதிய சேர்மானம் ஒன்றைக் கலந்த செல்கள், கலக்காத செல்களைவிட வேகமாகத் திறன் இழந்தன. சேர்மானம் கெடுதல் என்ற முடிவுக்கு நாங்கள் வந்திருந்தோம். எனக்குச் சந்தேகம் இருந்தது. சேர்மானம் கலந்த செல்கள் அனைத்தும் வெப்பப் பெட்டியின் நடுத்தட்டில் நெருக்கமாக இருந்தன. பெட்டியின் வெப்பமானி காற்று வெளிவரும் வாயருகே இருந்ததால் அது நாங்கள் வைத்த அளவையே காட்டியது. ஒவ்வொரு செல்லின் மேலும் தனித்தனி வெப்ப உணரி ஒட்டி அளந்தபோது நடுத்தட்டுச் செல்கள் சில பாகை கூடுதலாகச் சூடாகியிருந்தன. இரு வகைச் செல்களையும் புதிதாக எடுத்து, தட்டுகளை மாற்றி வைத்துச் சோதனையைத் திரும்ப நடத்தினேன். இம்முறையும் நடுத்தட்டில் இருந்தவைதான் வேகமாகக் கெட்டன. சேர்மானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏறக்குறைய ஓராண்டுத் தரவை ஒதுக்கினோம். நிதி தந்த நிறுவனத்திடம் முந்தைய முடிவு தவறு என்று நானே சொன்னேன். செல்களை இடைவெளிவிட்டுக் கலைத்து வைக்கும் ஒரு செயல்முறையை எழுதினேன். கூடத்தில் இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

உற்பத்தி வரிசையில் நான் வேலை செய்ததில்லை. அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு சோதனை பொய் சொல்வதைக் கண்டுபிடிப்பதை நான் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

பேச நேரம் ஒதுக்கினால் மகிழ்வேன்."

தங்கை ஒரே மூச்சில் படித்து முடித்தாள். "இப்போ வாங்குவேன்" என்றாள். அவளிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டு நாளில் அந்த அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். குரலைக் கேட்டாலே வேகமாக நடப்பவர் என்று தெரிந்தது. சுற்றிவளைக்கவில்லை.

"உங்க குறிப்பைப் படிச்சேங்க. நடுத்தட்டு விஷயத்தைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நாங்க அந்தத் தரவை ஆராய்ஞ்சப்போ..."

"நாங்கன்னா யாரெல்லாம்?"

கட்டுரைகளில் எல்லாவற்றையும் நாங்கள்தான் செய்வோம். தனியாக உட்கார்ந்து செய்ததையும் நாங்கள்தான் செய்வோம். அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் மேடம். சந்தேகப்பட்டதும் நான். உணரி ஒட்டினதும் நான்."

"அப்படிச் சொல்லுங்க" என்றார். "எங்க சோதனைக் கூடத் தலைவருக்கு உங்க குறிப்பை அனுப்பிட்டேன். வர முடியுமா?"

போனேன். சோதனைக் கூடத் தலைவர் குள்ளமான, அவசரமில்லாத மனிதர். என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார் என்று நினைத்துப் போனால், நேராகக் கூடத்துக்குள் அழைத்துக்கொண்டு போனார். எங்கள் கூடத்தைப் போல நான்கைந்து கூடங்கள் கொள்ளும் இடம். வெப்பப் பெட்டிகள் சுவரோரமாக வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. எனக்கு என்னவோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது போலிருந்தது. ஒரு பெட்டியின் கதவைத் திறக்கும் முன் யாரும் சொல்லாமலே உள்ளே தீப்பிடிக்கிற மாதிரி எந்தச் செல்லாவது உப்பியிருக்கிறதா என்று கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். அவர் அதைக் கவனித்தார்.

"இந்தப் பெட்டி விஷயம் உங்க கட்டுரை எதுலயும் இல்லையே, ஏன்?" என்று கேட்டார்.

"பெட்டி சரியில்லைன்னு எழுதினா யார் சார் அச்சடிப்பாங்க?"

"இங்க நாங்க எழுதுற அறிக்கையில பாதி அதுதான்" என்று சொல்லி, முதல் முறையாகச் சிரித்தார்.

அன்று மாலை அதிகாரி மீண்டும் கூப்பிட்டார். கூடத் தலைவர் என்னைத்தான் வேண்டும் என்கிறாராம். ஆனால் ஒரு முட்டுக்கட்டை.

"இந்தப் பதவிக்கு மூணு வருஷ அனுபவம் இருந்தே ஆகணும். இல்லன்னா பயிற்சியாளரா எடுக்கத்தான் விதி. கல்லூரி முடிச்சு நேரா வர்றவங்களோட ரெண்டு வருஷம் உட்காரணும். சோதனையை முடிவு பண்ற பொறுப்பு வராது. உங்களை அங்க உட்கார வைக்க எனக்கும் மனசில்ல, அவருக்கும் இல்ல. உங்க பேச்சை நான் நம்புறேன். ஆனா கோப்புல என் நம்பிக்கையை ஒட்டி வைக்க முடியாது. நீங்க வேலை செஞ்சீங்கன்னு அந்த இடத்துல இருந்து ஒரு கடிதம் வேணும். தேதி, பொறுப்பு, கையெழுத்து."

"வாங்கிடலாம் மேடம்" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

பல்கலைக்கழக அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பணிச் சான்றா? நீங்க மாணவிதானே? படிச்சதுக்குச் சான்று தரலாம். வேலை செஞ்சதுக்கு எப்படித் தர்றது? வேலை செய்யலையே" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் கணினியில் நான் அப்படித்தான் இருந்தேன்.

மிச்சம் இருந்தவர் என் வழிகாட்டி, பேராசிரியர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சிவப்பு மை. எதை நீட்டினாலும் சிவப்பில் குளிப்பாட்டித் திருப்பித் தருவார். ஆனால் நல்ல மனிதர், மாணவர்களைக் கைவிட்டதில்லை. விஷயத்தைச் சொன்னதும், "இவ்வளவுதானே, நாளைக்கே எழுதித் தர்றேன்" என்றார். சொன்னபடி மறுநாளே தந்தார்.

அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. என்னைப் போன்ற அறிவுக்கூர்மையுள்ள மாணவியைத் தம் பணிக்காலத்தில் அரிதாகவே கண்டிருப்பதாக எழுதியிருந்தார். சிறந்த மாணவி, துணிச்சலான மாணவி, தாமே கற்றுக்கொள்ளும் மாணவி. பெட்டி விவகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. உச்சி குளிர்ந்துபோய் அப்படியே அதிகாரிக்கு அனுப்பினேன்.

"ரொம்ப அழகான கடிதம்" என்றார் அவர், தொலைபேசியில். "இதை வச்சு உங்களை நிச்சயமா பயிற்சியாளரா எடுத்துடலாம்."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"ஒவ்வொரு வரியிலயும் மாணவின்னு இருக்கு. நீங்க எவ்வளவு கெட்டிக்காரின்னு இருக்கு. என்ன செஞ்சீங்கன்னு இல்ல. அடுத்த வாரம் கோப்பு மேல போகணும். நானே உங்க பேராசிரியர்கிட்ட பேசறேன், அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்க."

பாராட்டியே கவிழ்த்துவிட்டார் மனிதர். அவரிடம் போய் என்ன கேட்பது? சார், என்னைக் கொஞ்சம் குறைத்துப் புகழுங்கள் என்றா? வேறு வழியில்லை. அதைத்தான் கேட்டேன்.

"புகழ்ச்சியை எடுத்துடுங்க சார். நான் எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும் கூடத்தை நடத்தினேன், என்னென்ன பொறுப்பு, அவ்வளவு போதும். அப்புறம் அந்தப் பெட்டி விஷயம்."

பேனாவை மூடி வைத்தார். "இத்தனை வருஷத்துல பாராட்டு பத்தலன்னு வந்தவங்க உண்டு. எடுக்கச் சொல்லி வந்தவ நீதான் முதல்ல."

"இது வேற மாதிரி கடிதம் சார்."

"வேற மாதிரிதான்." அவர் குரல் மாறியது. "நீ செஞ்சது ஆராய்ச்சி. அதைப் போய் வேலைன்னு எழுதச் சொல்ற. நான் உன்னை இங்க வேலைக்காரியாவா வச்சிருந்தேன்?"

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அவர் வருத்தம் உண்மையான வருத்தம். தாம் தந்த பெரிய ஒன்றை நான் சில்லறையாக மாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தார். இருந்தாலும் நான் அடங்கிப் போகவில்லை.

"ஆராய்ச்சின்னா வேலை இல்லையா சார்? நான் வரலன்னா கூடம் ஓடாது. நான் சொல்ற முடிவை நம்பித்தான் அந்த நிறுவனம் பணம் குடுக்குது. பெட்டி அலாரம் அடிச்சா எனக்குத்தான் போன் வருது. இதையெல்லாம் வேலைன்னு சொன்னா ஆராய்ச்சிக்கு என்ன குறைஞ்சிடும்? எனக்குத்தான் சார் குறையுது. கல்லூரி முடிச்ச பசங்களோட போய் மறுபடி முதல்ல இருந்து உட்காரச் சொல்றாங்க."

"பெட்டி விஷயத்தை நான் எழுதினா என் கூடத்துல ஒரு வருஷம் தப்பான தரவு வந்துச்சுன்னு ஆகும்."

"வந்துச்சே சார்."

நான் அவ்வளவு வெடுக்கென்று சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் சொன்னது சரி. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "யோசிக்கிறேன்" என்றார். அவர் யோசிக்கிறேன் என்றால் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து தங்கையிடம் புலம்பித் தீர்த்தேன். அவள் வழக்கமான கிண்டலைக்கூட விட்டுவிட்டு என் தோளில் கை வைத்தாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இதற்கிடையில் பேராசிரியருக்கு வேறொரு தலைவலி வந்தது. என் உதவித்தொகைக் காலம் முடிகிறது, நான் எப்படியும் போகப்போகிறேன் என்று நிதி தரும் நிறுவனத்துக்கு அவர் தெரிவித்திருந்தார். எனக்குப் பிறகு கூடத்துக்கு யார் பொறுப்பு என்று அவர்கள் உடனே கேட்டார்கள். பெயர் சொல்லாவிட்டால் அடுத்த கட்டச் சோதனையைத் தொடங்க மாட்டார்களாம். இப்போது இருக்கும் மாணவர்களில் ஒருவரும் தனியாக ஒரு சோதனையை முடித்ததில்லை. பல்கலைக்கழகத்திடம் ஒரு பணியிடம் கேட்டு எழுத வேண்டும் என்று அவர் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் என் பாட்டுக்கு ஒப்படைக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். எந்த இயந்திரம் எப்போது முரண்டு பிடிக்கும், யாரைக் கூப்பிட வேண்டும், எதை ஒருபோதும் இரவில் தனியே ஓடவிடக் கூடாது என்று மாணவர்களுக்குக் காட்டிக் கொடுத்தேன். சொல்லச் சொல்ல முடியவே இல்லை. எனக்கே கொஞ்சம் மலைப்பாக இருந்தது.

கூடத்தின் சாவிகளைத் தரப் பேராசிரியர் அறைக்குப் போனபோது அவருடைய தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டவர் என்னைப் பார்த்தார். அந்த அதிகாரிதான் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் வெளியே போக எழுந்தேன். உட்கார் என்று கையைக் காட்டினார். அந்தப் பக்கம் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. இவர் பேசுவது மட்டும் கேட்டது.

"ஆமாங்க, நான்தான் எழுதினேன்... ஆமா, மாணவிதான், பதிவுல அப்படித்தான் இருக்கு... இல்ல, அதைப் பத்தி நான் எழுதல."

கேள்வி நீளமாக இருந்திருக்க வேண்டும். அவர் மேஜைமேல் இருந்த சாவிகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தார். இந்த ஒரு பதிலில்தான் எல்லாம் இருந்தது.

"நடந்தது உண்மைதான். தப்பு எங்க கூடத்துல. கண்டுபிடிச்சது அவ. நான் நம்பல. முதல்ல வந்து சொன்னப்போ திருப்பி அனுப்பிட்டேன். ரெண்டாவது தடவை எல்லாத் தரவையும் தூக்கிட்டு வந்தா, அப்பவும் அனுப்பிட்டேன். அப்புறம் தட்டு மாத்தி வச்சு ஓட்டின முடிவைக் கொண்டுவந்து என் முன்னாடி போட்டா. அதுக்கு மேல நான் பேச முடியல. அந்த நிறுவனத்துக்கிட்ட சொல்ல நான் தயங்கினேன். அவ போய்ச் சொன்னா. அவங்க எங்களை விட்டுப் போயிடுவாங்கன்னு நினைச்சேன். அடுத்த வருஷமும் நிதி குடுத்தாங்க."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இதை அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

மறுபடி ஏதோ கேட்டார்கள்.

"படிப்பா, வேலையான்னா கேக்கறீங்க?" அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "போன வாரம் கேட்டிருந்தீங்கன்னா படிப்புன்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன். அவகிட்டயே அப்படித்தான் சண்டை போட்டேன். நேத்து அவ இடத்துக்கு ஆள் கேட்டு எங்க நிர்வாகத்துக்கு எழுத உட்கார்ந்தேன். அந்த ஆள் என்னென்ன செய்யணும்னு எழுத எழுதப் பக்கம் போய்க்கிட்டே இருந்துச்சு. கடைசியில தகுதின்னு ஒரு கட்டம். அதுல நான் என்ன எழுதினேன் தெரியுமா? குறைஞ்சது அஞ்சு வருஷம் வேலை அனுபவம் இருக்கணும்னு எழுதினேன். அஞ்சு வருஷம் படிச்சிருக்கணும்னு எழுதல. இந்தப் பொறுப்பையெல்லாம் இதுவரைக்கும் யார் பார்த்தாங்கன்னு அதுக்குக் கீழயே ஒரு கேள்வி. அவ பேரைப் போட்டு, வந்த தேதியையும் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதையே உங்களுக்கு அனுப்பறேன், போதுமா?"

போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்கவும் இல்லை. அவர் தர்மசங்கடத்தோடு இழுப்பறையைத் திறந்து எதையோ தேடுவது போல நடித்தார்.

"அந்த அம்மா கடைசியா ஒண்ணு கேட்டாங்க" என்றார், இழுப்பறையைப் பார்த்துக்கொண்டே. "அந்த இடத்துக்கு ஆள் கிடைச்சாச்சான்னு."

"என்ன சார் சொன்னீங்க?"

"இருந்த ஒரே ஆளை நீங்கதான் எடுத்துக்கிட்டீங்கன்னு சொன்னேன்."